வழக்கமில்லாத ஒரு தொகை வந்தால்: வரித்துறையிடம் எழுத்தில் கேட்பதா, கேட்காமலே கணக்குத் தாக்கல் செய்வதா?

ஒருவர் நிறுவனத்தோடு தகராறாகி வேலையை விட்டு விலகுகிறார். நீதிமன்றம் வரை போகாமல் இரு தரப்பும் சமரச ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அந்தத் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால் அதில் 40 நிலுவைச் சம்பளம், 10 தாமதத்துக்கான வட்டி, மீதி 50 பெயர் கெட்டதற்கும் மன உளைச்சலுக்குமான இழப்பீடு. சம்பளத்துக்கும் வட்டிக்கும் நிறுவனம் வரி பிடித்துவிட்டது. இழப்பீட்டை மட்டும் பிடித்தம் இல்லாமல் முழுதாகக் கொடுத்திருக்கிறது.

கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதி நெருங்குகிறது. அந்த 50-ஐ வருமானத்தில் சேர்ப்பதா, விடுவதா? சம்பளத்துக்குப் பதிலாக வந்தது என்றால் அது வருமானம். சம்பாத்தியத்தோடு சம்பந்தமில்லாத ஓர் இழப்புக்கு ஈடாக வந்தது என்றால் பல நாடுகளில் வருமான வரி அதைத் தொடுவதில்லை. எந்தப் பக்கம் என்பது பணத்தின் பெயரை வைத்து முடிவாவதில்லை. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை வைத்தே முடிவாகும்.

இந்த நிலையில் இருப்பவருக்கு வழிகள் சில உண்டு. வரித்துறையின் உதவி எண்ணில் கேட்கலாம். முறைப்படி எழுத்தில் விண்ணப்பித்துப் பதில் வாங்கலாம். வரி வல்லுநரிடம் எழுத்தில் கருத்து வாங்கி அதன்படி போகலாம். விவரத்தை வெளிப்படையாகக் காட்டி, வரி இல்லை என்று தாக்கல் செய்யலாம். அல்லது வரியைக் கட்டிவிட்டு அப்புறம் ரீஃபண்ட் கேட்கலாம். ‘துறையிடமே எழுதிக் கேட்டுவிட்டால் பாதுகாப்பு’ என்று பலரும் நினைக்கிறார்கள். அது சில இடங்களில் முழு உண்மை, சில இடங்களில் பாதி உண்மைகூட இல்லை. வந்த கடிதம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

எந்த வழியில் போனாலும், ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு தொகையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. மேலே சொன்ன 40 சம்பளம். அதில் சந்தேகமே இல்லை. 10 வட்டி, வட்டிக்குப் பொதுவாக வரி உண்டு, மூலத்தொகைக்கு வரி இல்லாவிட்டாலும்கூட. ஆக, சந்தேகம் 50-ல் மட்டும்தான். ஆனால் பலர் 100-ஐயும் காட்டி ‘இதற்கு வரி உண்டா?’ என்று கேட்கிறார்கள். பதில் எழுதுபவர், சந்தேகமே இல்லாத 40-ஐயும் 10-ஐயும் பார்த்து மொத்தத்தையும் வருமானம் என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது, அந்த 50 உண்மையிலேயே 50-தானா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் ‘அனைத்துக் கோரிக்கைகளுக்குமான முழுமையான இறுதித் தீர்வாக’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதியிருந்தால் பிரிப்பதற்கு ஆதாரம் குறைவு. பிரிவு வாரியாகத் தொகை எழுதியிருந்தால் நல்லது, ஆனால் அதுவும் போதாது. ‘ஆறு மாதச் சம்பளம்’ என்று பேச்சைத் தொடங்கி, கடைசி வரைவில் அதே எண்ணுக்கு ‘மன உளைச்சல்’ என்று பெயர் மாற்றியிருந்தால், பேச்சுவார்த்தை மின்னஞ்சல்களைப் பார்க்கும் எந்த அதிகாரியும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். தொகை சம்பள விகிதத்தின் சரியான மடங்காக வருகிறதா என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அப்படி வந்தால் உங்கள் நிலை பலவீனம்.

கேள்வி உண்மையிலேயே திறந்த கேள்விதானா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் 1996-ல் சட்டத்தைத் திருத்தி, உடல் காயத்துக்கோ உடல் நோய்க்கோ வந்த இழப்பீட்டுக்கு மட்டும்தான் விலக்கு என்று வரையறுத்துவிட்டார்கள். வெறும் மன உளைச்சலுக்கு வந்தது, மருத்துவச் செலவுக்கு ஈடான பகுதி போக, வரிக்கு உட்பட்டது. அங்கே இருப்பவர் இதைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லை. இந்தியாவில், வேலை முடிந்ததை ஒட்டி முதலாளி தரும் இழப்பீட்டை ‘சம்பளத்துக்குப் பதிலான லாபம்’ என்று சட்டம் அகலமாகவே பிடிக்கிறது. பெயர் கெட்டதற்காக வந்த பகுதி அதிலிருந்து தப்புமா என்பதுதான் அங்கே வாதம். பிரிட்டன் வரித்துறை, சட்டத்தில் உண்மையான சந்தேகம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் தர மாட்டோம், வெளியிட்டிருக்கும் வழிகாட்டியைப் படியுங்கள் என்று சொல்லிவிடும்.

வாய்மொழிப் பதில்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உதவி எண்ணில் பேசுபவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் அவர் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவர் சொன்னதை நிரூபிக்கவும் முடியாது. எந்தப் படிவம், எந்தத் தேதி, எந்த முகவரிக்கு எழுதுவது என்று கேட்க மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். பொதுவான விளக்கக் கடிதங்களும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். சட்டம் என்ன சொல்கிறது என்று அவை விளக்கும். உங்கள் தொகைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்லாது.

முறையான எழுத்துப் பதில்: எங்கே மதிப்பு, எங்கே இல்லை

இதில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஒரு நாட்டில் இருக்கும் உறவினர் சொன்ன அனுபவத்தை வைத்து இன்னொரு நாட்டில் முடிவெடுக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாதான் தனிநபருக்கு மிகவும் வசதியான இடம். அங்கே ‘தனிப்பட்ட ரூலிங்’ என்ற இந்த எழுத்துப் பதிலைக் கேட்கக் கட்டணம் இல்லை. நடக்கப்போவதற்கு மட்டுமல்ல, நடந்து முடிந்ததற்கும் கேட்கலாம். தேவையான விவரம் எல்லாம் கிடைத்த பிறகு 28 நாளுக்குள் பதில் தருவது துறை வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. பதில் வரித்துறையைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பி நடந்தால், அந்தப் பதிலே தவறென்று பின்னால் தெரிந்தாலும் கூடுதல் வரி கேட்க மாட்டார்கள். பதில் பாதகமாக வந்தால் ஆட்சேபிக்கவும் வழி உண்டு. பெயர், அடையாளம் நீக்கிய வடிவத்தில் அதைப் பொதுப் பதிவேட்டில் வெளியிடுவார்கள். அதனால் உங்களுடையதைப் போன்ற ஒரு தொகைக்கு முன்பு என்ன சொன்னார்கள் என்று தேடிப் பார்க்கலாம். அது உங்களுக்குப் பாதுகாப்பு தராது, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும்.

பிரிட்டனிலும் கட்டணம் இல்லை, வழக்கமாக 28 நாளில் பதில். எல்லா உண்மைகளையும் மறைக்காமல் சொல்லியிருந்தால் துறை அந்தப் பதிலுக்குப் பொதுவாகக் கட்டுப்படும். அமெரிக்காவில் தனிநபர் கடித ரூலிங் உண்டு. நடந்து முடிந்த விஷயத்துக்கு, அந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர், வருமானம் குறைந்தவருக்குச் சலுகை போகவும் அப்படித்தான். பதில் வர மாதங்கள் ஆகும். சின்னத் தொகைக்கு இது கட்டுபடியாகாது.

இந்தியாவில் நிலைமை வேறு. முன்கூட்டியே தீர்ப்பு வழங்கும் ஆணையம் முன்பு இருந்தது. அதன் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது. 2021 செப்டம்பர் முதல் அதன் இடத்தில் முன்தீர்ப்பு வாரியம் வந்தது. இந்த வாரியத்தின் தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் கட்டுப்படுத்தாது, துறையையும் கட்டுப்படுத்தாது; உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதுகூட உள்நாட்டில் வசிப்பவர் தன் சொந்த வரிப் பொறுப்பு பற்றிக் கேட்க வேண்டுமானால், பரிவர்த்தனை 100 கோடி ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆக, சாதாரணச் சம்பளக்காரருக்கு அந்தக் கதவு இல்லை. உள்ளூர் வரி அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, சொன்னாலும் அடுத்து வரும் அதிகாரி அதற்குக் கட்டுப்பட்டவரும் அல்ல. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான். நேர்மையாக முன்கூட்டியே கேட்க நினைப்பவருக்கு ஒரு முறையான வழி இருந்திருக்க வேண்டும்.

கட்டுப்படுத்தும் பதில் கிடைக்கும் நாட்டிலும், அது பாதுகாப்பது நீங்கள் எழுதிக்கொடுத்த உண்மைகளை மட்டும்தான். வரித்துறை உங்கள் கடிதத்தில் உள்ளதை விசாரித்துப் பார்ப்பதில்லை. இப்படித்தான் நடந்தது என்று எடுத்துக்கொண்டு சட்டத்தைச் சொல்கிறது. பின்னால் தணிக்கை வந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது, நடந்ததும் கடிதத்தில் எழுதியதும் ஒன்றா என்பதைத்தான். ‘இந்தத் தொகை என் பெயர் கெட்டதற்காகக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதுவது உண்மை அல்ல, அது முடிவு. முடிவை உண்மையின் இடத்தில் எழுதி வாங்கிய சாதகமான பதில், மின்னஞ்சல்கள் வெளியே வந்ததும் செல்லாக்காசாகிவிடும். விண்ணப்பத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

“என் பணி குறிப்பிட்ட தேதியில் முடிந்தது. ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு மூன்று தொகைகளைத் தனித்தனியாகச் சொல்கிறது; பிரதி இணைப்பில். 4(அ) சம்பளம், 4(இ) வட்டி ஆகியவை வருமானம் என்பதை ஏற்று அப்படியே காட்டுகிறேன். என் கேள்வி 4(ஆ)-இல் உள்ள 50 பற்றி மட்டும். முதல் கடிதத்தில் நான் கேட்டது 80, அதில் சம்பள இழப்பு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. நிறுவனத்தின் முதல் பதிலில் 20 தருவதாகச் சொன்னார்கள். இரு தரப்பு மின்னஞ்சல்களும் இணைப்பில். நிறுவனம் இந்தத் தொகைக்கு வரி பிடிக்கவில்லை. இது வருமானம் அல்ல என்பது என் கருத்து; காரணங்கள் கீழே. வேலை முடிந்ததை ஒட்டி வந்ததால் இது சம்பளத்துக்குப் பதிலானது என்றும் வாதிடலாம். அதற்கு என் பதில் அதன் கீழே.”

‘80-ல் சம்பள இழப்பைப் பிரிக்கவில்லை’ என்ற வரியைப் பாருங்கள். அது விண்ணப்பிப்பவருக்குப் பாதகமானது. அதையும் எழுதினால்தான் வரும் பதில் நிற்கும். தனக்கு எதிரான வாதத்தையும் தானே எழுதுவது சிலருக்குத் தயக்கமாக இருக்கும். எழுதாவிட்டால் கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வரும், நாள் கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அப்புறம், விண்ணப்பம் போட்டதால் தாக்கல் தேதி தள்ளிப்போகாது. பதில் நிலுவையில் இருக்கிறது என்பதற்காகத் தாமதமாகத் தாக்கல் செய்தால் தாமதக் கட்டணம் தனியாக வரும். எனவே கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 28 நாள் இலக்கு உள்ள நாட்டில்கூட, ஒரு முறை கூடுதல் விவரம் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு இரண்டரை மாதமாவது விடுங்கள். அந்த அவகாசம் இல்லையென்றால் இந்த வழி இந்த ஆண்டுக்கு உதவாது என்று வைத்துக்கொள்ளலாம். இதே தொகை பற்றி ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டாலும் கதவு பெரும்பாலும் மூடிவிடும். விசாரணையில் இருப்பதற்கு முன்தீர்ப்பு தர மாட்டார்கள்.

வல்லுநர் கருத்து

ஆடிட்டரோ வரி வழக்கறிஞரோ எழுத்தில் தரும் கருத்து துறையைக் கட்டுப்படுத்தாது. அதன் பயன் வேறு. பின்னால் வரி உண்டு என்று முடிவானாலும், இவர் ஏமாற்ற நினைக்கவில்லை, விசாரித்துத்தான் செய்தார் என்று காட்ட அது உதவும். அபராதம் குறையலாம், நீங்கலாம். ஆனால் கருத்து கணக்குத் தாக்கலுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும், ஒப்பந்தமும் மின்னஞ்சல்களும் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். ‘எங்கள் கருத்தில் வரி இல்லை’ என்ற இரண்டு வரிச் சான்றிதழை யாரும் மதிப்பதில்லை.

காட்டித் தாக்கல் செய்வதும், கட்டிவிட்டுக் கேட்பதும்

எழுத்துப் பதில் கிடைக்காத இடத்தில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். எண்களில் பார்த்தால் தெளிவாகும். வரி விகிதம் 30 சதவீதம் என்றால் 50-க்கு வரி 15. இந்தியாவில் உள்ளபடி தாமத வட்டி மாதம் 1 சதவீதம், குறைத்துக் காட்டியதற்கான அபராதம் வரியில் 50 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். பிரச்சினை 20 மாதம் கழித்து வருகிறது, முடிவும் பாதகமாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

எங்கும் காட்டாமல் விட்டவர் கட்டுவது வரி 15, வட்டி 3, அபராதம் 7.5, ஆக 25.5. வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் அங்கே அபராதம் வரியில் 200 சதவீதம். அதாவது அபராதம் மட்டும் 30. வெளிப்படையாகக் காட்டிவிட்டு வரி இல்லை என்று வாதிட்டவர் கட்டுவது 15-ம் 3-ம், ஆக 18. நேர்மையான விளக்கமும் முழு விவரமும் இருந்தால் அபராதத்திலிருந்து தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. முதலிலேயே கட்டியவருக்கு 15-தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. முடிவு சாதகமானால் முதல் இருவருக்கும் செலவு பூஜ்யம், மூன்றாமவருக்கு 15 திரும்ப வர வேண்டும்.

மறைப்பவருக்கும் காட்டுபவருக்கும் சாதக முடிவில் ஒரே பலன். பாதக முடிவில் காட்டுபவர் 7.5 குறைவாகக் கட்டுகிறார். எனவே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. காட்டுவதா, கட்டுவதா என்பதில்தான் யோசனை வேண்டும். காட்டுபவர் எடுக்கும் அபாயம் 3. கட்டுபவர் எடுக்கும் அபாயம், 15 போய்த் திரும்பாமல் இருப்பது. வாதம் வலுவாக இருந்தால் காட்டித் தாக்கல் செய்வது நல்லது. சம்பள மடங்கு, ஒரே வரித் தீர்வு என்று வாதம் பலவீனமாக இருந்தால் கட்டிவிடுவது நிம்மதி.

எங்கே காட்டுவது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் படிவத்தில் கூடுதல் தகவலுக்கு எழுத இடம் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே ஃபார்ம் 8275 உண்டு. இந்தியாவில் கணக்கோடு எதையும் இணைக்க முடியாது. வரி இல்லாத வருமானங்களுக்கான Schedule EI பகுதியில் ‘மற்றவை’ என்பதன் கீழ் தொகையையும் ஒரு வரி விவரத்தையும் எழுதலாம். ‘இதர வரவு’ என்று எழுதினால் அது காட்டியதாகாது. ‘முன்னாள் முதலாளியோடு சமரச ஒப்பந்தம், நற்பெயர் இழப்புக்கான ஈடு’ என்று, படித்ததும் கேள்வி எழும்படி எழுத வேண்டும். நிறுவனம் துறைக்கு அனுப்பிய விவரத்தில் இதே தொகைக்கு என்ன தலைப்பு போட்டிருக்கிறது என்பதையும் தாக்கலுக்கு முன் பாருங்கள். அது ‘சம்பளம்’ என்றும் உங்களுடையது ‘ஈடு’ என்றும் இருந்தால் கணினியே நோட்டீஸ் அனுப்பிவிடும். முடிந்தால் நிறுவனத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

கட்டிவிட்டுக் கேட்பதாக இருந்தால், திரும்பக் கேட்கும் காலக்கெடுவை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பொதுவாகத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான தனிநபருக்கு மதிப்பீடு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. இந்தியாவில் திருத்திய கணக்குக்கு உள்ள அவகாசம் இவற்றைவிடக் குறைவு. அதன்பின் இருக்கும் ‘புதுப்பித்த கணக்கு’ வசதி கூடுதல் வரி கட்டுவதற்குத்தான், வரியைக் குறைப்பதற்கோ ரீஃபண்ட் கேட்பதற்கோ அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் இந்தியாவில் இருப்பவர், ‘இப்போதைக்குக் கட்டுவோம், பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிட்டால் அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வராது. வாதத்தில் நம்பிக்கை இருந்தால் முதல் கணக்கிலேயே காட்டித் தாக்கல் செய்துவிடுவதுதான் அங்கே சரி. நிறுவனம் 50-க்கும் வரி பிடித்திருந்தால் இன்னும் எளிது: பணம் ஏற்கெனவே துறையிடம் இருக்கிறது, தாமத வட்டிக்கு வழியில்லை, முதல் கணக்கிலேயே ரீஃபண்ட் கேட்டுவிடலாம்.

என்னிடம் கேட்டால், ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ இருந்து, கேள்வி உண்மையிலேயே திறந்ததாக இருந்து, தேதிக்கு இரண்டரை மாதம் மிச்சம் இருந்தால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள் என்பேன். மற்ற இடங்களில் முழு விவரம் பார்த்து எழுதிய வல்லுநர் கருத்தோடு, காட்டித் தாக்கல் செய்யுங்கள் என்பேன்.

எழுதிக் கேட்டு, பதில் பாதகமாக வந்துவிட்டால்? பதில் உங்களைக் கட்டுப்படுத்தாத நாட்டிலும், அதை மீறித் தாக்கல் செய்பவர் இனி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. துறையிடம் உங்கள் பெயரோடு கோப்பு இருக்கிறது. அந்த நிலையில் வரியைக் கட்டி, பதில் கடிதத்தில் எந்த உண்மையை வைத்து அப்படி முடிவெடுத்தார்கள் என்று பாருங்கள். அவர்கள் வைத்துக்கொண்ட உண்மையே தவறாக இருந்தால் சரியான ஆவணத்தோடு மறுபடி கேட்கலாம். உண்மை சரியாக இருந்து, சட்டத்தைப் படித்த விதத்தில்தான் வேறுபாடு என்றால், ஆட்சேபிக்க வழி உள்ள நாட்டில் அதற்கான காலக்கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அது ஓடத் தொடங்கியிருக்கும்.